ஒரே பர்னரில் சோறும் பருப்பும்

நீ பெட்டியோடு வந்து இறங்கும்போது நான் வேலையில் இருப்பேன். அதனால் இதை எழுதி பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். என் தங்கையைவிட நீ இரண்டு வயது இளையவள் என்று கேள்விப்பட்டேன், ஆகவே நீ என்றே எழுதுகிறேன். விடுதிச் சாப்பாட்டிலேயே ஐந்து வருடம் ஓட்டிவிட்டதாகவும் சோறு பொங்கத் தெரியாது என்றும் போனில் சொன்னாய். பாளையங்கோட்டையில் கடைச் சாப்பாட்டுக்குக் குறைவில்லைதான். ஆனால் ஒரு மாதம் கழிந்ததும் வெள்ளைச் சோறும் பருப்பும் போதும் என்று வயிறே கேட்கும். சோறும் பருப்பும் மட்டும் சொல்லித் தருகிறேன். சாம்பாரை நீயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நம் அடுப்பு. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. இடது பக்கம் பெரியது, வலது பக்கம் சின்னது. சாயங்காலம் மூன்று பேருக்கும் அதுதான் அடுப்பு. நடு அறைக்கார அக்கா ஏழரைக்கு வந்ததும் வலது பர்னரில் காபி போட்டு, பிறகு அங்கேயே தோசை சுடுவார். நான் வருவதற்கு எட்டரை ஆகும். ஆக ஏழரையிலிருந்து எட்டரை வரை இடது பர்னர் உன்னுடையது. அந்த ஒரு மணி நேரத்தில், ஒரே பர்னரில், சோறும் பருப்பும் இரண்டும் ஆக வேண்டும். எது முதலில் ஏறுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பருப்புதான் முதலில். குக்கருக்குள் ஆவி அடங்கப் பத்து நிமிடம் ஆகும், அந்த நேரமெல்லாம் நெருப்பே இல்லாமல் பருப்பு உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். ஆகவே குக்கரை இறக்கி மேடையில் ஓரமாக வைத்துவிட்டு, அதே பர்னரில் உடனே உலை வைத்துவிடலாம். சோற்றை முதலில் வைத்தால் அது வடிந்து ஆறிப்போய், பருப்பு வரும்வரை காத்துக் கிடக்கும். சூடு போன சோறும் சூடான பருப்பும் சேர்ந்தால் அது வேறொரு சாப்பாடு. முதல் வாரம் நான் அப்படித்தான் செய்தேன்.

தண்ணீர், எல்லாவற்றுக்கும் முன்னால்

சமையலறையில் இரண்டு குழாய் இருக்கிறது. தொட்டிக்கு மேலே இருப்பது போர் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் நீலக் கைப்பிடி போட்ட குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வரும், அதாவது தாமிரபரணித் தண்ணீர். தினமும் வராது, வருகிற நேரமும் சொல்லி வைத்தாற்போல இருக்காது. அதனால் பெரிய எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைத்திருப்போம். பருப்பு வேகவைக்க அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் குழாயைத் திறந்து கைக்கு வந்த தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டு ஐந்து விசில் விட்டேன். திறந்து பார்த்தால் பருப்பு பருப்பாகவே இருந்தது. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் மஞ்சள் சரளைக்கல். மறுபடி மூடி இன்னும் நான்கு விசில் விட்டும் அப்படியே. பழைய பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு ஆச்சி மாடிக்கு வந்தவர் குக்கரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, போர் தண்ணியில போட்டா பருப்பு எப்படிட்டி வேகும்?" என்று கேட்டார். மறுநாள் அதே கடை, அதே பொட்டலம், குடத்துத் தண்ணீர். மெழுகாக வெந்தது.

காரணம் இதுதான். பருப்பின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு மசியும். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், குளியலறை வாளியில் வெள்ளைப் படலமாகப் படிகிறதே, அதுதான். அந்த உப்புகள் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன. அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் கேஸ்தான் காலியாகும். புளியும் தக்காளியும் வேறு வழியில் இதே வேலையைத்தான் செய்கின்றன, புளிப்பில் பெக்டின் லேசில் கரையாது. அதனால்தான் பருப்பு வெந்த பிறகு புளி ஊற்றுவார்கள். நம் வீட்டுப் பருப்பில் புளி கிடையாது. ஆனால் தக்காளி போட ஆசைப்பட்டால் தாளிப்பில் வதக்கிப் போடு, குக்கருக்குள் போடாதே.

குடம் காலியாகிப் போர் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்றால், சமையல் சோடாவை இரண்டு விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மட்டும் போடலாம். அதற்கு மேல் போனால் பருப்பில் சோப்பு வாடை வரும். அரிசி களையவும் பாத்திரம் கழுவவும் போர் தண்ணீர் போதும், அதற்குக் குடத்தில் கை வைக்காதே.

ஏழு மணி: ஊறவைப்பது

அளவுக்கு அலமாரியில் கைப்பிடி இல்லாத தம்ளர் ஒன்று இருக்கிறது, 200 மில்லி பிடிக்கும். கீழே ஆச்சி இன்னும் உழக்கில்தான் அளக்கிறார், நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மூன்று பேர் சாப்பிட ஒன்றரைத் தம்ளர் அரிசி, அரைத் தம்ளர் துவரம்பருப்பு. நீ மட்டும் என்றால் அரைத் தம்ளர் அரிசி, பருப்பு ஒரு கைப்பிடி.

அரிசி டப்பா இரண்டு இருக்கிறது. பெரிய டப்பாவில் இருப்பது அம்பை 16, புழுங்கல். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், பெயரும் அங்கிருந்து வந்ததுதான். குட்டையாக, உருண்டையாக இருக்கும். கடையில் இதைப் பார்த்தால் ரேஷன் அரிசி என்று நினைப்பாய், பொங்கிச் சாப்பிட்டால் அப்படிச் சொல்லமாட்டாய். சின்ன டப்பாவில் இருப்பது நடு அறை அக்காவின் கர்நாடகப் பொன்னி. அது மெலிசு, சீக்கிரம் வெந்துவிடும். இரண்டையும் ஒரே பானையில் கலந்துவிடாதே, ஒன்று குழைந்து நிற்கும்போது இன்னொன்று நறுக்கென்று இருக்கும்.

அரிசியைத் தட்டில் பரப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து, மூழ்கத் தண்ணீர் விட்டு வை. பருப்பையும் அதேபோலக் கழுவி, குடத்துத் தண்ணீரில் ஊறப்போடு. அரை மணி நேரம். ஊறவைப்பது வெட்டி வேலை என்று தோன்றும். ஆனால் நெருப்பில்லாமல் உள்ளே இறங்குகிற தண்ணீர் அது. ஊறாத புழுங்கலரிசிக்குப் பத்து நிமிடம் கூடுதலாக அடுப்பு எரிய வேண்டும், உனக்கு இருக்கிற ஒரு மணி நேரத்தில் அந்தப் பத்து நிமிடம் கிடையாது. ஏழு மணிக்கு வீட்டில் இருக்கமாட்டாய் என்றால் காலையில் கிளம்பும்போது ஊறப்போட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போ. வெளியில் வைக்காதே, நம் ஊர் வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்து வாடை அடிக்கும்.

ஏழரை: குக்கர்

நம் குக்கர் 3 லிட்டர். மூடுவதற்கு முன்னால் மூடியைத் தூக்கி, வெயிட் உட்காருகிற அந்தச் சின்னக் குழாய் வழியே ஜன்னல் வெளிச்சத்தைப் பார். வெளிச்சம் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் போன வாரத்துப் பருப்பு உள்ளே காய்ந்து அடைத்திருக்கிறது, ஊசியால் குத்தி, தண்ணீர் விட்டுக் கழுவு. குக்கரைப் பற்றிப் பயப்பட வேண்டியது இந்த ஓர் இடத்தில்தான். மற்றபடி அது சாது.

ஊறிய பருப்பைப் போட்டு, ஒன்றரைத் தம்ளர் குடத்துத் தண்ணீர் ஊற்று, அதாவது பருப்பின் அளவுக்கு மூன்று மடங்கு. கால் ஸ்பூன் மஞ்சள்தூள், உரித்த வெள்ளைப்பூடு நான்கு பல், அரை ஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெய் ருசிக்காக அல்ல. பருப்பு கொதிக்கும்போது நுரைக்கும், அந்த நுரை மேலே ஏறித்தான் குழாயை அடைக்கிறது. எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். இதனால்தான் பருப்பு வைக்கும்போது குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்கிறார்கள். பத்துப் பேர் விருந்துக்கு வந்தாலும் இந்த 3 லிட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் போகாதே, இரண்டு தடவையாக வை. உப்பு இப்போது வேண்டாம். கடைசியில் போட்டால்தான் எவ்வளவு போடுவது என்று நாக்குக்குத் தெரியும்.

மூடி, அடுப்பைப் பெரிதாக வை. வெயிட்டை உடனே போடாதே. குழாயிலிருந்து ஆவி சீராகச் சீறி வரட்டும், ஐந்து நிமிடம் ஆகும். உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது வெயிட்டைப் போடு. இரண்டு மூன்று நிமிடத்தில் முதல் விசில் வரும். வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எட்டு நிமிடம்.

விசில் எண்ணாதே என்று சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொடுப்பார்கள். ஐந்து விசில் என்பது ஒரு நேரமே அல்ல. தீ பெரிதாக இருந்தால் ஐந்து விசிலும் மூன்று நிமிடத்தில் அடித்து முடிந்துவிடும், சிம்மில் வைத்தால் ஐந்தாவது விசில் வருவதற்குள் பருப்பு கூழாகிவிடும். குக்கருக்குள் அழுத்தம் ஏறியதும் தண்ணீர் 120 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் நீ எவ்வளவு எரித்தாலும் சூடு கூடுவதில்லை, மிஞ்சிய ஆவி விசிலாக வெளியே போகிறது, அவ்வளவுதான். விசில் என்பது வீணாகிற கேஸ் போடுகிற சத்தம். 14.2 கிலோ சிலிண்டரின் விலையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறோம். கீழ் வீட்டு ஆச்சியின் காதுக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது.

எட்டு நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்து, குக்கரைத் துணி பிடித்து இறக்கி மேடையில் வை. வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பிடுங்கிவிடாதே. பருப்பு நுரையோடு பீய்ச்சி அடித்து, சுவரெல்லாம் மஞ்சளாகும். கூரைக்குக் கீழே ஒரு கறை இருக்கிறதே, அது எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் ஞாபகார்த்தம்.

ஏழே முக்கால்: உலை

அதே பர்னரில் சோற்றுப்பானையை வை. ஒன்பது தம்ளர் தண்ணீர், அரிசியின் அளவுக்கு ஆறு மடங்கு. இங்கே வடித்துத்தான் சாப்பிடுகிறோம், ஆகவே தண்ணீர் கொஞ்சம் கூடினால் ஒன்றும் இல்லை, குறைந்தால்தான் தொல்லை. மூடி போட்டுக் கொதிக்கவிடு, பத்து நிமிடத்தில் தளதளவென்று வந்துவிடும். அது கொதித்த பிறகுதான் ஊறிய அரிசியைத் தண்ணீர் வடித்துப் போட வேண்டும். ஆறின தண்ணீரில் போட்டால் அரிசி அடியில் போய் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போட்டதும் கரண்டியால் அடிவரை ஒரு தடவை கிளறிவிடு.

அரிசி போட்ட பிறகு முழு மூடி போடாதே. இதை நான் சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும். மாவுச்சத்து கரையக் கரையத் தண்ணீருக்கு மேல் நுரை கட்டும், மூடி இருந்தால் ஒரு நிமிடத்தில் பொங்கி வழியும். பொங்கல் பானை பொங்கினால் குலவை போடலாம், கேஸ் அடுப்பில் பொங்கினால் தீ அணையும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். போன மழைக்காலத்தில் எனக்கு அப்படி ஆனது. போனில் பேசிக்கொண்டு முன்னறையில் நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் தீயைக் காணோம், கேஸ் வாடை மூக்கைப் பிடுங்கியது. நடு அறை அக்காதான் முதலில் அசைந்தார். அடுப்பைத் திருகி மூடி, சிலிண்டர் ரெகுலேட்டரையும் அடைத்து, ஜன்னலையும் கதவையும் அகலத் திறந்தார். நான் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கையைக் கொண்டுபோனேன், என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். கேஸ் நிறைந்த இடத்தில் சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி வரும். நல்ல வேளை. அரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். வாடை போகாமல் இருந்தால் வெளியே வந்து 1906க்குக் கூப்பிட வேண்டும், கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. பிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறது.

ஆகவே பானையின் வாயில் குறுக்கே ஒரு மரக்கரண்டியை வைத்து, மூடியை அதன்மேல் சாய்த்துப் போடு. தீயை நடுத்தரமாக வை. அரிசி மேலும் கீழும் புரண்டுகொண்டிருந்தால் போதும், குதிக்க வேண்டியதில்லை. இந்த இருபது நிமிடமும் சமையலறையை விட்டுப் போகாதே. உனக்கு வேலையும் இருக்கிறது, பருப்பைப் பார்க்கலாம்.

நடுவில்: பருப்பைத் திறப்பது

வெயிட்டை லேசாக அசைத்துப் பார். உஸ் என்றால் இன்னும் ஆகவில்லை. சத்தமே வராவிட்டால் மூடி தானாகக் கழன்று வரும், அடித்தும் நெம்பியும் திறக்கிற மூடி திறக்கக் கூடாத மூடி.

உள்ளே பார். வெந்த பருப்பு என்றால் கரண்டியை விட்டதும் தண்ணீரும் பருப்பும் ஒன்றாகி மஞ்சளாகக் கலங்கும். தண்ணீர் தெளிவாக மேலே நின்று பருப்பு பாதிப் பாதியாக உருவம் மாறாமல் கிடந்தால் வேகவில்லை. இரண்டு பருப்பை விரலில் நசுக்கிப் பார்த்தாலும் தெரியும், நடுவில் மணல்போல ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம் தேவை. சோறு வடித்து முடிந்ததும் அந்தப் பர்னரில் மறுபடி ஏற்றிக்கொள். அப்படியும் வேகவில்லை என்றால் இரண்டு சந்தேகம்தான். நீ எந்தக் குழாய்த் தண்ணீர் ஊற்றினாய், பருப்பு டப்பாவில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது. ஒரு வருடம் கிடந்த பருப்பும் கல்லாகத்தான் இருக்கும். நாங்கள் அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை.

வெந்திருந்தால் மத்தால் கடைந்து, முக்கால் ஸ்பூன் உப்புப் போட்டு மூடி வை. கெட்டியாக இருந்தால் வெந்நீர் விடு. பச்சைத் தண்ணீர் விட்டால் கரைந்த மாதிரி இருந்து கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும்.

பதம் பார்த்து வடிப்பது

அம்பை 16 ஊறியிருந்தால் உலையில் போட்டு இருபது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கு. பொன்னி என்றால் பதினைந்திலேயே. ஒரு சோற்றைக் கரண்டியில் எடுத்து, ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்து. முழுக்க மசிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளியாக ஒன்றும் நிற்காமல் இருந்தால் பதம். புள்ளி நின்றால் இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார். பழமொழி ஒரு சோறு போதும் என்கிறது, நான் பானையின் மேலிருந்து ஒன்றும் அடியிலிருந்து ஒன்றும் எடுப்பேன்.

இங்கே ஒரு விஷயம். பிசானம் அறுவடை முடிந்து மாசி பங்குனியில் கடைக்குப் புது அரிசி வந்துவிடும். டப்பாவில் எந்த அரிசி இருக்கிறது என்று கேட்டுக்கொள். புது அரிசி சீக்கிரம் குழையும், பதினைந்து நிமிடத்திலேயே கண் வை. பழைய அரிசி நேரம் எடுக்கும், ஆனால் உதிரியாக மலர்ந்து வரும், கஞ்சியும் தெளிவாக இருக்கும்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விடு. அதற்குள் பதம் தாண்டுகிற மாதிரித் தெரிந்தால் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்று, வேகிறது நின்றுவிடும். கஞ்சிக்குப் பெரிய அகலப் பாத்திரத்தைத் தொட்டியில் வைத்துக்கொள். பானையின் வாயில் வடிதட்டைப் பொருத்தி, தட்டையும் பானையின் இரண்டு காதையும் சேர்த்து இரண்டு கைப்பிடித் துணியால் இறுக்கிப் பிடித்து, உன்னைவிட்டு எதிர்ப்பக்கமாகச் சாய். முகத்தைப் பின்னால் வை. சுடுவது கஞ்சி அல்ல, முதலில் கிளம்புகிற ஆவிதான். கை நடுங்கினால் வெட்கப்படாமல் நடு அறை அக்காவைக் கூப்பிடு, தோசை ஒரு நிமிடம் காத்திருக்கும். முக்கால்வாசி கஞ்சி இறங்கியதும் பானையை அப்படியே சாய்த்துப் பாத்திரத்தின் விளிம்பில் நிறுத்திவை. ஐந்து நிமிடம் சொட்டட்டும்.

பிறகு நிமிர்த்தி, ஏற்கனவே சூடாக இருக்கிற அடுப்பில் சிம்மில் ஒரே ஒரு நிமிடம் வைத்து எடு. அடியில் தேங்கிய ஈரம் போய்விடும். உடனே கிளறாதே, சூட்டில் சோறு உடையும்.

வடித்த பிறகுதான் வேகவில்லை என்று தெரிகிறதா? ஒரு கை வெந்நீர் தெளித்து மூடி, தோசைக்கல்லைச் சிம்மில் வைத்து அதன்மேல் பானையை வை. ஐந்து நிமிடத்தில் சரியாகும். குழைந்துவிட்டதா? அதற்கு மருந்து இல்லை. உப்பும் மோரும் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தாளிப்பு

இதற்கு மூன்று நிமிடம் போதும். சின்ன இரும்புக் கரண்டியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், காய்ந்ததும் அரை ஸ்பூன் கடுகு. கடுகு முழுக்க வெடித்த பிறகு அரை ஸ்பூன் உளுந்தம்பருப்பு, அது சிவந்ததும் கிள்ளிய மிளகாய் வற்றல் இரண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறு, கறிவேப்பிலை. கறிவேப்பிலையின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடு, இல்லையென்றால் எண்ணெய் முகத்துக்குத் தெறிக்கும். வெங்காயம் நிறம் மாறியதும் பெருங்காயத்தூள் ஒரு சிட்டிகை போட்டு, அப்படியே பருப்பில் கொட்டிக் கலக்கு.

கடைக்குப் போனால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். இந்தப் பக்கம் உள்ளி என்றால் சின்ன வெங்காயம், பல்லாரி என்றால் பெரிய வெங்காயம். நீ வெங்காயம் என்று மட்டும் கேட்டால் உள்ளியா பல்லாரியா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். முழிக்காதே. தாளிக்க உள்ளி.

நம் வீட்டுப் பருப்பு இவ்வளவுதான். சோற்றில் ஊற்றி, நெய் ஒரு ஸ்பூன் விட்டுப் பிசைந்து, அப்பளத்தோடு சாப்பிட வேண்டும். நெய் டப்பா என்னுடையது. எடுத்துக்கொள், தீரும்போது மட்டும் சொல்.

அடுப்பைத் திருப்பிக் கொடுப்பது

எட்டரைக்கு நான் வரும்போது பர்னர் காலியாக மட்டும் இருந்தால் போதாது, எரியவும் வேண்டும். கஞ்சி கொஞ்சமாவது வழிந்திருந்தால் அடுப்பு ஆறிய பிறகு பர்னர் மூடியைக் கழற்றிக் கழுவி, ஓட்டைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்துப் பொருத்து. அடைபட்ட பர்னரில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரியும், பானை அடியில் கரி பிடிக்கும். கரி பிடித்த பானையைப் பார்த்தே நேற்று யார் வழியவிட்டார்கள் என்று இந்த வீட்டில் கண்டுபிடித்துவிடுவோம்.

குக்கர் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவி ஆணியில் மாட்டு. மூடியிலேயே விட்டால் சீக்கிரம் தளர்ந்துபோய் ஆவி ஓரமாகக் கசியும், விசிலே வராது. அடுப்பில் கடைசியாக வேலை முடித்தவர் ரெகுலேட்டரை மூட வேண்டும். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும், நான் ஊருக்குப் போகிற நாட்களில் நீ பார்த்துக்கொள்.

சோறு மிஞ்சினால் ஆறியதும் மண்சட்டியில் போட்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றி வை. காலையில் மோர் விட்டு, உள்ளியைக் கடித்துக்கொண்டு சாப்பிடலாம். தண்ணீர் விடாமல் பானையோடு வெளியே வைத்துவிட்டால் மறுநாள் அதைத் தூரத்தான் போட வேண்டும். பருப்பு சோற்றைவிடச் சீக்கிரம் கெடும், அதனால் மிஞ்சியது பிரிட்ஜுக்குள் போகட்டும். மறுநாள் எடுத்தால் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடு.

வடிகஞ்சியைத் தொட்டியில் கொட்டிவிடாதே. நடு அறை அக்கா சனிக்கிழமைகளில் பருத்திச் சேலைக்குப் போடக் கேட்பார். மற்ற நாட்களில் ஒரு தம்ளரில் எடுத்து, ஒரு கல் உப்புப் போட்டு, தட்டால் மூடி மேடையில் வை. பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்கிறவளுக்கு அது வேண்டும்.